டெலிவரி ஆன பார்சலுக்கு நாலரை லட்சம் குறைகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

ரங்கூன்ரவிக்கை
வணக்கம். ஏப்ரலில் 41 பார்சல் டெலிவரி ஆகிவிட்டது, ஆப்பில் பச்சையாகவே காட்டுகிறது. 14,24,000 சாட் வர வேண்டும். வந்தது 9,78,000. ஆபீசுக்கு போன் போட்டால் எல்லாம் கொடுத்தாகிவிட்டது என்கிறார்கள். துணிக்காரருக்கு வெள்ளிக்கிழமை காசு கொடுத்தாக வேண்டும். என்ன செய்வது?

மோல்மேன்காரன்
சந்தேகமே வேண்டாம், ரைடர் கையாடிவிட்டான். எனக்கும் போன வருடம் இரண்டு பார்சல் காசு அப்படித்தான் போனது. நேரே கிளைக்குப் போய் நில்லுங்கள்.

தௌங்கூதம்பி
திஞ்சான் விடுமுறை அக்கா. தண்ணீர்த் திருவிழாவில் எதுவும் நகர்ந்திருக்காது. இரண்டு வாரத்தில் தானாக வந்துவிடும்.

சிரியம்செல்வி
பார்சல் வாங்கும்போது ரைடரிடம் கையெழுத்துப் போட்ட ரசீது கேட்டு வாங்குங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

ரங்கூன்ரவிக்கை
நான் வாங்குகிறவள் இல்லை, விற்கிறவள். சிஓடி, அதாவது வாங்குகிறவர் வாசலில் ரைடரிடம் காசு கொடுப்பார், ஆபீஸ் அதை எனக்கு அனுப்பும்.

பழையகை
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பொருள் விலை என்ன, டெலி காசு யார் கொடுப்பது, பணம் வாரம் ஒருமுறையா மாதம் ஒருமுறையா, எத்தனை பார்சல் திரும்பியது, இதில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. கணக்குத் தெரியாமல் வியாபாரத்தில் இறங்கினால் இப்படித்தான் ஆகும். முதலில் விவரம் போடுங்கள்.

போட்டாட்டாங்அக்கா
அவசரத்தில் எழுதியிருக்கிறாள், அதற்கு இவ்வளவு வேண்டாம். ஆனால் கேட்ட விவரம் எல்லாமே வேண்டும் தங்கச்சி. அந்த 14,24,000-ஐ எதிலிருந்து கூட்டினாய்? பார்சல் மேல் ஒட்டுகிற சீட்டில் இருக்கிற தொகையா?

ரங்கூன்ரவிக்கை
ஆமாம் அக்கா, சீட்டுத் தொகைதான். எல்லாம் ஒரே செட், விலை 30,000. ரங்கூனுக்குள் டெலி 4,000, வெளியூருக்கு 6,000, வாங்குகிறவர்கள் கொடுப்பது. ரங்கூன் 26, வெளியூர் 15. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை பணம் வரும். 4 பார்சல் திரும்பியது, அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

போட்டாட்டாங்அக்கா
நான் ஒரு டெலிவரி ஆபீசில் பணப் பட்டுவாடா மேசையில் ஆறு வருடம் இருந்தவள். உன் கணக்கில் முதல் ஓட்டை சீட்டுத் தொகைதான். வாசலில் வாங்குகிற 34,000-இல் 4,000 அவர்களுடையது, உன் கைக்கு வராது. 26 பார்சலுக்கு 1,04,000, வெளியூர் 15-க்கு 90,000, ஆக 1,94,000 உன் பணமே இல்லை. உனக்கு வர வேண்டியது 41 முறை 30,000, அதாவது 12,30,000.

இன்னும் 2,52,000 பாக்கி. திரும்பி வந்த நான்குக்கும் ரிட்டர்ன் காசு பிடித்திருப்பார்கள். அதைத் தனியாக வாங்க மாட்டார்கள், அடுத்த செவ்வாய்ப் பணத்தில் கழித்துவிடுவார்கள். அதனால்தான் மொத்தத்தை வைத்துப் பார்த்தால் எதுவும் ஒட்டாது. ஒவ்வொரு பார்சலாக, அதற்குரிய வேபில் நம்பரை வைத்துப் பார். பெயரை வைத்துப் பார்க்காதே. பர்மியப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள்.

தௌங்கூதம்பி
எக்செல்லில் சுலபம் அக்கா. செவ்வாய்க்கிழமை வருகிற பட்டியலை எல்லாம் `Paid` என்ற தாளில் ஒட்டுங்கள். டெலிவரி தாளில் COUNTIF போட்டால் 0 வருகிறதெல்லாம் வராத பணம்.

ரங்கூன்ரவிக்கை
போட்டேன் தம்பி. ஒன்றில்கூட 0 வரவில்லை. எல்லாமே 1, சிலதில் 3, 4. அப்படியானால் எல்லாம் வந்துவிட்டதா?

மோல்மேன்காரன்
பட்டியலையே திருத்திக் கொடுக்கிறார்கள். சொன்னேன் இல்லையா.

போட்டாட்டாங்அக்கா
திருத்தவில்லை. வேபில் நம்பர் எத்தனை இலக்கம்?

ரங்கூன்ரவிக்கை
16.

போட்டாட்டாங்அக்கா
அதுதான் காரணம். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், பதினாறாவதை 0 ஆக்கிவிடும். ஒரே நாளில் புக் செய்த பார்சல்களுக்குக் கடைசி இலக்கம்தான் வேறு, எனவே எல்லாம் ஒரே நம்பராகிவிடும். கோப்பை இரட்டை கிளிக் செய்து திறந்தாயானால் அப்போதே போய்விட்டது. பிறகு அந்த வரிசையை டெக்ஸ்ட் ஆக மாற்றினாலும் திரும்பாது. வெற்றுத் தாளைத் திறந்து, டேட்டா பக்கத்தில் உள்ள வழியாகக் கோப்பை உள்ளே எடு. எடுக்கும்போதே வேபில் வரிசையை டெக்ஸ்ட் என்று குறி. இரண்டு பட்டியலுக்கும் அப்படியே செய்.

அப்புறம், டெக்ஸ்ட் ஆக எடுத்த பிறகும் COUNTIF உதவாது தம்பி. அது இலக்கத்தைக் கண்டால் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும், மறுபடி அதே 15 இலக்கம். MATCH எழுத்தை எழுத்தாகவே பார்க்கும்.

```
=IF(ISNUMBER(MATCH(A2,Paid!A:A,0)),"ok","no")
```

தௌங்கூதம்பி
இது எனக்குத் தெரியாது. என் பட்டியலையும் இன்று ராத்திரி மறுபடி பார்க்கிறேன்.

ரங்கூன்ரவிக்கை
இப்போது சரியாகப் பிரிந்துவிட்டது அக்கா. 8 பார்சலுக்கு `no` வருகிறது. அது 2,40,000. ரிட்டர்ன் தலைக்கு 3,000 பிடித்திருக்கிறார்கள், நான்குக்கு 12,000. கணக்கு ஒட்டிவிட்டது! அந்த எட்டையும் கேட்கலாமா?

போட்டாட்டாங்அக்கா
எட்டையும் சேர்த்துக் கேட்டால் ஒன்றுக்கும் பதில் வராது. டெலிவரி தேதியைப் பக்கத்தில் எழுது.

ரங்கூன்ரவிக்கை
ஐந்து தௌங்ஜி, மந்தலே. 29, 30 தேதி. மூன்று பழையது: ஒன்று தட்டோன் 5-ஆம் தேதி, இரண்டு ரங்கூனிலேயே 8, 9.

போட்டாட்டாங்அக்கா
அந்த ஐந்தின் பணமும் பாதி வழியில் இருக்கிறது. ரைடர் சாயங்காலம் கிளையில் கட்டுவார், வெளியூர்க் கிளை சேர்த்து வைத்து ரங்கூனுக்கு அனுப்பும். தலைமை ஆபீஸ் புத்தகத்தில் பணம் ஏறிய நாளை வைத்துத்தான் உன் செவ்வாய்க் கணக்கு, டெலிவரி ஆன நாளை வைத்து இல்லை. விடுமுறை என்று தம்பி சொன்னதும் பாதி சரி, அதில் தேங்கியது மாதக் கடைசியில்தான் கரையும். ஆனால் 5, 8, 9 திஞ்சானுக்கு முந்திய தேதி. அந்த மூவருக்கும் நீயே போன் போட்டு, எவ்வளவு கொடுத்தீர்கள், யார் கையில் என்று கேள்.

மோல்மேன்காரன்
இந்தத் தலைவலியே வேண்டாம். நான் கார் கேட் என்கிற பஸ் நிலையத்தில் பார்சலை பஸ்ஸில் ஏற்றிவிடுவேன், காசு முன்னாடியே போனில் வந்துவிட வேண்டும். சிஓடி எடுத்தேன், கெட்டேன்.

பழையகை
உங்களுக்குப் பழைய வாடிக்கை, அனுப்புவார்கள். பேஸ்புக்கில் புதிதாகப் பார்க்கிறவர் முகம் தெரியாத கடைக்கு 30,000 முன்பணம் அனுப்புவாரா? டெலி காசை மட்டும் முன்னாலே வாங்குங்கள். வாங்க மறுக்கிறவர் குறைவார்.

மோல்மேன்காரன்
4,000 கொடுத்துவிட்டு மறுத்தவர்களும் இருக்கிறார்கள். அந்தப் புடவையை எத்தனை நாள் மடித்து வைப்பது?

பழையகை
அது உங்கள் படத்துக்கும் துணி நிறத்துக்கும் உள்ள தூரம்.

போட்டாட்டாங்அக்கா
இதை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே. பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை காசு வேண்டும்.

ரங்கூன்ரவிக்கை
பேசிவிட்டேன். 8-ஆம் தேதிப் பார்சல் என் தப்பு. அந்த அம்மா சாமான் காசை எனக்கே போனில் அனுப்பியிருந்தார், நான்தான் ஆபீசில் சொல்லித் தொகையை 0 ஆக்கச் சொன்னேன். ரைடர் டெலி மட்டும் வாங்கியிருக்கிறார். மற்ற இருவரும் முழுக் காசையும் ரைடர் கையில் கொடுத்ததாகச் சொல்கிறார்கள்.

போட்டாட்டாங்அக்கா
அப்படியானால் கேட்க வேண்டியது 60,000 மட்டும். இரண்டு வேபில் நம்பர், தேதி, தொகை, வாடிக்கையாளர் கொடுத்ததாகச் சொன்னது, இவ்வளவே எழுதி அனுப்பு. 'பணம் குறைகிறது' என்று எழுதாதே. 'இந்த இரண்டுக்கும் கிளையில் பணம் ஏறிய தேதி என்ன' என்று கேள். ஏறிய தேதி இருந்தால் தலைமை ஆபீசில் தங்கியிருக்கிறது, இல்லாவிட்டால் கிளையில் அல்லது ரைடரிடம்.

மோல்மேன்காரன்
ரைடர்தான்.

ரங்கூன்ரவிக்கை
புதன்கிழமை. அந்த ஐந்தில் நான்கு நேற்று வந்துவிட்டது. ரங்கூன் பார்சலுக்கு ஏறிய தேதி இருந்தது, அடுத்த செவ்வாய் சேர்க்கிறார்களாம். தட்டோனுக்குத் தேதி இல்லை, தேடுகிறோம் என்றார்கள். துணிக்காரரிடம் பாதி கொடுத்துவிட்டேன். நன்றி அக்கா.