கீட்டோவில் கிரியேட்டின் ஏறவே மாட்டேன் என்கிறது, உதவி தேவை

காட்பாடிக்காரன்: கீட்டோ தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. முதல் நாளிலிருந்தே கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தினமும் 5 கிராம் எடுக்கிறேன். எல்லோருக்கும் எடை ஏறும் என்றார்கள், எனக்கோ 2 கிலோ இறங்கிவிட்டது. பெஞ்சில் 12 முறை தூக்கிய எடை இப்போது 9-இல் நிற்கிறது. சர்க்கரை இல்லாமல் தசைக்குள் போகாது, திராட்சை ஜூஸில் கலந்து குடி என்கிறார் ஜிம் மாஸ்டர். குடித்தால் கீட்டோ போச்சு. என்ன செய்வது?

சத்துவாச்சாரி சிவா: மாஸ்டர் சொல்வது சரிதான். இன்சுலின்தான் கிரியேட்டினை உள்ளே தள்ளும். மாவுச்சத்து இல்லையென்றால் காசுதான் வீண்.

ஆம்பூர் பாய்: கீட்டோவா? பிரியாணியை விட்டுவிட்டு கத்திரிக்காயை மட்டும் தின்று ஒரு மாதம் ஓட்டினேன். கிரியேட்டின் எடுத்தபோது ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் கூடியிருந்தது, வீட்டில் சிறுநீரகம் போச்சு என்று ஒரே அழுகை. பரிசோதனைக்குப் போனால் பவுடர் எடுப்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள் தம்பி.

பாலாற்றங்கரை: சிவா சொன்னதில் பாதி உண்மை. குடல் எப்படியும் கிரியேட்டினை உறிஞ்சிவிடும். இன்சுலின் உதவுவது அடுத்த கட்டத்தில், ரத்தத்திலிருந்து தசைக்குள் போகும்போது. 1996-இல் வந்த ஆய்வில் ஒவ்வொரு 5 கிராமுக்கும் 90 கிராமுக்கு மேல் சர்க்கரை கொடுத்தார்கள், அதுவும் நாளைக்கு 20 கிராம் என்று சில நாளில் நிரப்பும் முறையில். ஒரு டம்ளர் ஜூஸ் அதன் பக்கத்தில்கூட வராது. தினம் 3 முதல் 5 கிராம் எடுத்தால் நான்கு வாரத்தில் தசை எப்படியும் நிரம்பும், அதற்குமேல் இடமில்லை. சர்க்கரை வேகத்தைத்தான் கூட்டுகிறது.

எடை இறங்கியதற்குக் காரணம் வேறு. கீட்டோவில், உடல் சேமித்துவைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் குறைய, அதோடு தண்ணீரும் போகிறது. கிரியேட்டின் சேர்க்கும் ஒரு கிலோ அதற்குள் மறைந்துவிட்டது. 12 முறை தூக்குவதற்குக் கிளைக்கோஜன் வேண்டும். கிரியேட்டின் கைகொடுப்பது முதல் சில நொடிகளுக்குத்தான். கனமான எடையில் 4, 5 முறை தூக்குவது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எதில் கலக்குகிறீர்கள்? உப்பு?

காட்பாடிக்காரன்: ஃபிரிட்ஜ் தண்ணீரில், எவர்சில்வர் டம்ளரில். அடியில் மணல் மாதிரி தங்கும், கழுவி ஊற்றிவிடுவேன். உப்பைக் குறைத்திருக்கிறேன். எழுந்தால் தலை சுற்றுகிறது, வேலூர் வெயில் என்று நினைத்தேன்.

பாலாற்றங்கரை: அந்த மணல்தான் உங்கள் கிரியேட்டின்! வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்குங்கள், அடியில் தங்கினால் இன்னொரு மடக்குத் தண்ணீர் விட்டு அதையும் குடியுங்கள். கீட்டோவில் சிறுநீரோடு உப்பு அதிகம் போகும். ரத்த அழுத்தம் இல்லையென்றால் எலும்பு சூப்பில் உப்பு போட்டுக் குடியுங்கள். சுற்றல் நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

சத்துவாச்சாரி சிவா: சரி அண்ணா, ஆனால் நான் சோறு சாப்பிட்டு எடுத்தபோது பத்தே நாளில் தெரிந்தது.

பாலாற்றங்கரை: சோறே தெரிந்திருக்கும். பிரித்துச் சொல்ல வழியில்லை.

காட்பாடிக்காரன்: பத்து நாள் கழித்து: சுற்றல் இல்லை. 5 முறை தூக்கும் எடையில் 2.5 கிலோ கூடியது. 12 மட்டும் இன்னும் 10-தான். மாஸ்டர் இன்னும் ஜூஸ் என்றுதான் சொல்கிறார்.