புதுப்பிப்பு: ஏற்காடு நேர்காணல், கைநாட்டு இல்லாத ஒப்புதல்

என் கேள்வி: "காபித் தோட்டத் தொழிலாளர்கள் பேசத் தயார், ஆனால் கைநாட்டு வைக்கப் பயப்படுகிறார்கள். ஒப்புதலை எப்படிப் பதிவு செய்வது?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. வாய்மொழி ஒப்புதலுக்கு ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதி தந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்களைப் பார்க்கச் சொன்ன அக்காவின் யோசனைதான் பலித்தது: தகவல் தாளை வாசித்துக் காட்டி, சம்மதத்தை ஒலிப்பதிவு செய்து, படிக்கத் தெரிந்த நடுநிலைச் சாட்சியிடம் கையெழுத்து வாங்குவது. "ஒலிப்பதிவே போதும்" என்று தம்பி சொன்னது பாதி சரி; குழுவின் முன் அனுமதியும் சாட்சியும் வேண்டும். சேலத்தில் ரத்த மாதிரி எடுக்கப்போகும் நண்பர் இதை நம்பாமல் தன் குழுவிடமே கேட்பது நல்லது.

எதிர்பாராதது ஒன்று. தோட்டத்து மேஸ்திரி தானே சாட்சியாக வருகிறேன் என்றார். கூலிக் கணக்கு எழுதுபவர் முன்னால் யார் மறுப்பார்கள் என்று குழு அவரை ஏற்கவில்லை. அப்புறம் அங்கன்வாடி ஊழியர் வந்தார். அவர் முன்னால் ஒரு பாட்டி, "கூலி பத்திக் கேக்காத கண்ணு, மத்தது கேளு" என்றார். அந்தக் கேள்விகளை அவரிடம் கேட்கவில்லை.

ஒப்புதல் பதிவில் பெயர் வருவதால் அதை நேர்காணல் கோப்போடு சேர்க்காமல் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும். நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் தேவையா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதுவரை வீடுகளில்தான் பேசுகிறேன்.