பேனர் செட் முழுக்க தலை வெட்டுது, கஸ்டமர் திருப்பி அனுப்பிட்டார். அவசரம்!

ஜவுளி_டிசைனர்:
ஆடி ஆஃபர் விளம்பரம். ஒரு படம் பண்ணி எல்லா சைஸுக்கும் மாத்தி அனுப்பினேன். "எதுவும் ஒண்ணு போல இல்ல, ஒண்ணுல தலையே இல்ல"ன்னு கடைக்காரர் திருப்பிட்டார். நாளைக்கு ஓடணும். எப்படி சரி பண்றது?

கோவை குமரன்:
எந்தெந்த சைஸ்? கூகுள்லயா, நேரா நியூஸ் சைட்டுக்கா? எழுத்து படத்துக்குள்ளேயே இருக்கா, தனி லேயரா?

சிவகாசி சேகர்:
300 டிபிஐ-ல வச்சீங்களா? அதுதான் பிரச்சனையா இருக்கும். வெட்டுற ஓரத்துல எழுத்தே வரக்கூடாது, அதையும் பாருங்க.

பழைய பெருச்சாளி:
டிபிஐ எல்லாம் நோட்டீஸ் அடிக்கிறதுக்கு, சேகர் அண்ணே. திரையில பிக்சல் மட்டும்தான் கணக்கு. கேள்வி கேட்டவருக்கு: விவரம் சொல்லாம "அவசரம்"னு போட்டா இங்க யாரும் ஜோசியம் பார்க்க மாட்டாங்க. இந்த வாரத்துல இது எத்தனாவது இழையோ.

ஜவுளி_டிசைனர்:
சாரி. மூலப்படம் 1200×628. பட்டுப் புடவையில ஒரு பொண்ணு ஊஞ்சல்ல உட்கார்ந்திருக்கு, இடது பக்கம் எழுத்து. தனி லேயர்தான். வேண்டிய சைஸ் 300×250, 728×90, 160×600, 320×50. கூகுள்லதான் ஓடும். "ஆடித் தள்ளுபடி 50% வரை, ஆகஸ்ட் 10 முடிய", கீழ "கடைக்கு வாங்க" பட்டன்.

மீனா கி.:
இப்ப புரியுது. உங்க படத்தை 728 அகலத்துக்குச் சுருக்கினா உயரம் 381 வரும். அதுல 90தான் வச்சுக்க முடியும், அதாவது கால் பங்குகூட இல்ல. 160×600-க்கு உயரத்தைச் சரி பண்ணினா அகலம் 1146 ஆகும், அதுல 160தான் மிஞ்சும், ஏழுல ஒரு பங்கு. ஒரே படத்தை இழுத்து இழுத்து வெட்டினா தலை போகத்தான் செய்யும்.

ஒவ்வொண்ணுக்கும் ஒரிஜினல் போட்டோவுல இருந்து புதுசா வெட்டுங்க. 728×90-ல ஊஞ்சலை மறந்துடுங்க. முகமும் தோளும் மட்டும் இடது ஓரத்துல ஒரு சதுரமா வைங்க, பின்னணி நிறத்தை வலது பக்கம் நீட்டி நடுவுல எழுத்து, கடைசில பட்டன். 160×600-ல எழுத்து மேல, கீழ முகத்துல இருந்து முந்தானை வரைக்கும் ஒரு நெட்டைத் துண்டு. 320×50-ல போட்டோவே வேண்டாம். லோகோ, ஆஃபர், பட்டன் போதும். தமிழ் எழுத்துக்கு மேல விசிறி, கீழ கொக்கின்னு இடம் வேணும், 50 பிக்சல்ல ரெண்டு வரி போட்டா புள்ளியெல்லாம் கரைஞ்சிடும்.

நாலையும் ஒரே பக்கத்துல 100% அளவுல அடுக்கி, போட்டோவைப் பார்க்காம எழுத்தை மட்டும் படிங்க. ஆஃபர், தேதி, பட்டன் மூணும் நாலுலயும் ஒண்ணா இருக்கான்னு தெரிஞ்சிடும்.

கோவை குமரன்:
இவ்வளவு பாடு எதுக்கு? ரெஸ்பான்சிவ் விளம்பரமா போட்டா கூகுளே எல்லா இடத்துக்கும் பொருத்திக்கும்.

மீனா கி.:
பொருத்தும், ஆனா எங்க வெட்டும்னு உங்க கையில இல்ல. எழுத்து உள்ள இருக்கிற படத்தைக் கொடுத்தா அந்த எழுத்தும் சேர்ந்து வெட்டுப்படும். கடைக்காரர் கேக்கிறது "ஒண்ணு போல" இருக்கணும்னு.

கோவை குமரன்:
சின்னக் கடைக்கு ரீச் முக்கியமா, அழகு முக்கியமா? நான் ரெஸ்பான்சிவ் மட்டும்தான் ஓட்டுறேன், யாரும் புகார் சொன்னதில்ல.

பழைய பெருச்சாளி:
புகார் சொல்ல அவங்க அதைப் பார்த்திருக்கணுமே.

அடுமனை அகிலா:
எனக்கும் இதே மாதிரி, கேக் படத்தை அப்லோட் பண்ணினா ஏத்துக்கவே மாட்டேங்குது. என்ன காரணம்?

மீனா கி.:
அகிலா, அது வேற. ஃபைல் 150 கேபி தாண்டியிருக்கும். ஜேபெக்ல தரத்தைக் கொஞ்சம் குறைச்சு சேவ் பண்ணிப் பாருங்க.

ஜவுளி_டிசைனர்:
அடுக்கிப் பார்த்தேன். 320×50-ல "ஆடி 50% தள்ளுபடி"ன்னு இருக்கு, இடம் பத்தலைன்னு "வரை"யைத் தூக்கியிருக்கேன். 160×600-ல ஆகஸ்ட் 17னு பழைய தேதி.

பழைய பெருச்சாளி:
தலை வெட்டுனதை விட இது பெரிய வினை. எல்லாத்துக்கும் பாதி விலைன்னு நினைச்சு வர்றவங்க கவுண்டர்ல சண்டை போடுவாங்க. தவறான விளம்பரம்னு 2019 நுகர்வோர் சட்டத்துலயும் கேள்வி வரும். தேதியை வேணா விடலாம், "வரை"யை விடக்கூடாது.

சிவகாசி சேகர்:
தேதி இல்லாம ஆடி விளம்பரமா? எங்க நோட்டீஸ்ல ஆஃபரை விடப் பெருசா தேதிதான் போடுவோம்.

மீனா கி.:
சேகர் அண்ணா, இடம் பத்தாத 320×50-ல மட்டும் தேதியை எடுத்துடலாம், கிளிக் பண்ணா வர்ற பக்கத்துல பெருசா இருந்தா போதும். தப்பான தேதி இருக்கிறதுக்கு இல்லாததே மேல். இன்னொண்ணு, வலது மேல் மூலையில கூகுள் தன்னோட சின்ன ஐகானை ஒட்டும். லோகோ அங்க இருந்தா மறைஞ்சிடும், இடது பக்கம் தள்ளுங்க. பின்னணி வெள்ளைன்னா ஒரு பிக்சல் பார்டர் போடுங்க, இல்லேன்னா பக்கத்தோட கலந்துடும்.

சிவகாசி சேகர்:
பார்டர் போட்டா பழைய காலத்து துக்க அறிவிப்பு மாதிரி இருக்கும்.

கோவை குமரன்:
கருப்புல போட்டாதானே அண்ணே.

ஜவுளி_டிசைனர்:
மூணு ஓகே ஆயிடுச்சு. 160×600-ல ஊஞ்சல் சங்கிலி தெரியணுமாம், அதுக்கு இன்னும் மல்லுக்கட்டுறேன். நன்றி மீனாக்கா.