வேகம் 34-ம் 49-ம் ஒன்றுபோலவே நடக்கிறது, ஏன்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
பாலக்காட்டுக் கணவாயில் நடக்கிற மாதிரி ஒரு சண்டை கேம் செய்கிறேன். நம் அணியில் நாலு பேர். ஒவ்வொரு டிக்கிலும் ஒவ்வொருவருடைய கேஜிலும் அவரவர் வேகம் கூடும். 100 தொட்டால் முறை வரும், முடிந்ததும் கேஜை 0 ஆக்குகிறேன். செல்லனின் வேகம் 34. 'கணவாய்க் காற்று' மந்திரம் போட்டால் 49. ஆனால் முறை முன்பு வந்த இடைவெளியிலேயேதான் வருகிறது. 50 ஆக்கினால் மட்டும் திடீரென்று பறக்கிறான். விளையாடிப் பார்த்த பசங்க "காத்து வீசவே இல்லைண்ணா" என்கிறார்கள்.

வேலந்தாவளம்:
எனக்கும் இதே தொல்லைதான். சுற்று தொடங்கும்போது வேகப்படி வரிசைப்படுத்துகிறேன், நடுவில் மந்திரம் போட்டால் அடுத்த சுற்றில்தான் வேலை செய்யும். மந்திரம் போட்டதும் மீதி ஆட்களை மறுபடி வரிசைப்படுத்துங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
என் கேமில் சுற்றே கிடையாது சகோ.

கல்பாத்தி:
எல்லையை 1000 ஆக்குங்கள், சரியாகிவிடும்.

சித்தூர் அக்கா:
பாதிதான் சரியாகும். 1000 வைத்தாலும் 50, 51, 52 மூன்றுக்கும் 20 டிக்தான். படி சின்னதாகுமே தவிர போகாது.

தம்பி, 34 மூன்று டிக்கில் 102 ஆகிறது. 49 இரண்டு டிக்கில் 98தான், அதனால் அதற்கும் மூன்றாவது டிக் வேண்டும். அங்கே 147 இருக்கும். 0 ஆக்கும்போது மிச்சம் 47-ஐக் கீழே கொட்டிவிடுகிறாய், காற்று அங்கேதான் போகிறது. 50-க்கு இரண்டே டிக் போதும், அதனால்தான் அந்தத் தாவல். 0 ஆக்காமல் கழி:

```
if gauge >= 100:
    gauge -= 100
```

இப்போது 100 டிக்கில் 34-க்கு 34 முறை, 49-க்கு 49 முறை வரும். ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸில் (1997) நகர்ந்து அடித்தால் 100 கழியும், ஒன்று மட்டும் செய்தால் 80, சும்மா இருந்தால் 60. எனக்கு அது பிடிக்கும், காத்திருப்பதற்கும் ஒரு பலன் கிடைக்கிறது.

இன்னொன்று. ஒரே டிக்கில் இரண்டு பேர் 100 தாண்டினால் யாருக்கு முதல் முறை? பட்டியல் வரிசைப்படி விட்டிருந்தால் சமநிலையில் எப்போதும் நம் அணியே முந்தும். கேஜ் அதிகம் உள்ளவருக்கு முதலில் கொடு, அதுவும் சமமென்றால் வேகம் பார்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
கழித்துப் பார்த்தேன் அக்கா, காற்று வீசுகிறது! ஆனால் இப்போது வேறொன்று. நாகத்தின் விஷம் ஒவ்வொரு முறையிலும் கடிப்பதால், வேகமானவன்தான் சீக்கிரம் சாகிறான்.

கல்பாத்தி:
விஷத்தை முறைக்குப் பதில் டிக்கில் ஓட விடு.

சித்தூர் அக்கா:
அப்படிச் செய்தால் விஷம் எப்போது கடிக்கும் என்று ஆடுபவருக்குத் தெரியாது. நான் முறையிலேயே விட்டு, விஷமும் மூன்று முறையோடு தீரும்படி வைப்பேன். மொத்த சேதம் எல்லாருக்கும் ஒன்றாகும். ஆனால் வேகமானவனுக்கு அது சீக்கிரம் விழும், அதற்கு எனக்கும் முழு வழி கிடைக்கவில்லை.