முதலீட்டாளருக்கு முதல் மெயில்: 40 பேருக்கு அனுப்பியும் ஒரு பதில்கூட இல்லை. எங்கே தப்பு?

திருப்பூர்க்காரன்: வணக்கம். பனியன் கம்பெனிகளுக்கு ஒரு ஆப் செய்திருக்கிறோம். சாயப்பட்டறைக்கு எத்தனை கிலோ துணி போனது, எத்தனை கிலோ திரும்பி வந்தது என்று துணியோடு போகும் டெலிவரி சலானை வைத்தே கணக்குப் பார்க்கும். மூன்று வாரத்துக்கு முன் 40 முதலீட்டாளர்களுக்கு, தொழிலை விளக்கும் 11 பக்க டெக்கோடு மெயில் போட்டேன். ஒன்றும் பவுன்ஸ் ஆகவில்லை, பதிலும் இல்லை. சுருக்கம் இது:

சப்ஜெக்ட்: "ஜவுளித் துறையை மாற்றப்போகும் வாய்ப்பு"
"மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, இந்திய ஜவுளிச் சந்தை மிகப் பெரியது. எங்களிடம் 31 வாடிக்கையாளர்கள் உள்ளனர். நேரம் கிடைக்கும்போது சந்திக்க விரும்புகிறோம். டெக் இணைப்பில்."

லிங்க் கட்சி: இணைப்பாக அனுப்பியதுதான் தப்பு. லிங்காக அனுப்புங்கள், திறக்க மெயில் ஐடி கேட்கிற மாதிரி வையுங்கள். யார் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று தெரியும்.

மாவு வியாபாரி: எனக்கும் இதே கதை. இட்லி மாவு யூனிட்டுக்கு லோன் கேட்டு பேங்குக்கு 60 பக்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுத்தேன். மேனேஜர் கடைசிப் பக்கத்தை மட்டும்தான் பார்த்தார். நீங்களும் ஐந்து வருடக் கணக்கை முன்னால் வையுங்கள் தம்பி.

பழைய அனலிஸ்ட்: அண்ணா, பேங்க் பார்ப்பது கடன் திரும்ப வருமா என்று. இவர் கேட்பது பங்குக்குப் பணம், அதுவும் ஆரம்பக் கட்டத்தில். இங்கே ஐந்து வருடக் கணக்கை யாரும் நம்பப்போவதில்லை.

திருப்பூர்க்காரரே, டெக்கில் மாத வருமானம் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்? ஒரு கம்பெனிக்கு என்ன கட்டணம்? ஃபைல் எத்தனை எம்.பி.? 40 பேரையும் எப்படிப் பொறுக்கினீர்கள்?

திருப்பூர்க்காரன்: 6ஆம் பக்கத்தில் மாதம் ₹21,000. கட்டணம் ₹1,500. ஃபைல் 18 எம்.பி., மெஷின் போட்டோக்கள் நிறைய. எல்லாரையும் பி.சி.சி.யில் போட்டு ஒரே மெயில்.

பழைய அனலிஸ்ட்: 21,000-ஐ 31-ஆல் வகுத்தால் 677 ரூபாய்தான் வருகிறது. உங்கள் கட்டணமோ 1,500. டெக்கைத் திறக்கிறவர் முதலில் போடுகிற கணக்கே இதுதான். அப்படியானால் காசு கொடுப்பவர்கள் 14 பேர், மீதி 17 பேர் ட்ரையல். சரியா? 14 என்று எழுதியிருந்தால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். 31 என்று எழுதிவிட்டு 14 பேருடைய காசை மட்டும் காட்டினால், மற்ற எண்களையும் சந்தேகப்படுவார்கள்.

பி.சி.சி. போட்டால் பெறுபவர் பெயர் "டு" வரியில் இருக்காது. மொத்தமாக அனுப்பியது என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒரு பார்ட்னர் உங்கள் அளவுத் தொகையைப் போடுபவரா என்று அவர் ஃபண்டின் பழைய முதலீடுகளைப் பார்த்தாலே புரியும். பெரிய சுற்றுகளில் மட்டும் இறங்கும் ஃபண்டுக்கு உங்கள் மெயில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வீண்.

நான் எழுதினால் இப்படி:

சப்ஜெக்ட்: "திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குத் துணிக் கணக்கு ஆப்: காசு கொடுப்பவர்கள் 14, தேவை ₹80 லட்சம்"
"சாயப்பட்டறையிலிருந்து எடை குறைந்து வரும் துணிக்கு யார் பொறுப்பு என்ற சண்டையை எங்கள் ஆப் தீர்க்கிறது. 14 கம்பெனிகள் மாதம் ₹1,500 கொடுக்கின்றன, 17 பேர் ட்ரையலில். நீங்கள் முன்பு முதலீடு செய்த (நிறுவனத்தின் பெயர்) சிறு ஆலைகளுக்கு விற்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். வரும் செவ்வாய் அல்லது புதன் 20 நிமிடம் பேசலாமா?"

80 லட்சம் நான் போட்ட எண். உங்கள் தேவையைப் போடுங்கள், அந்தப் பணம் எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்பது டெக்கில் இருக்கட்டும். போட்டோக்களைச் சுருக்கி பி.டி.எஃப். 3 எம்.பி.க்குள் கொண்டுவாருங்கள். போனில் திறப்பவர் 18 எம்.பி.க்குக் காத்திருக்க மாட்டார்.

லிங்க் கட்சி: அதற்குத்தானே லிங்க்!

பழைய அனலிஸ்ட்: மெயில் ஐடி கேட்கும் லிங்க்கை நான் பல தடவை மூடிவிட்டுப் போயிருக்கிறேன். ஐடி கேட்காத லிங்க் என்றால் ஆட்சேபம் இல்லை. இதில் ஆளுக்கொரு பழக்கம்.

திருப்பூர்க்காரன்: கணக்கு சரிதான் சார். 14 பேர்தான், ட்ரையல் 17. இனி ஒரு சந்தேகம்: ஏற்கெனவே அனுப்பிய 40 பேருக்கே திருத்தி அனுப்பலாமா, இல்லை புது ஆட்களா?

பழைய அனலிஸ்ட்: பொருந்துகிற ஆறேழு பேருக்குத் தனித்தனியாக அனுப்புங்கள். "முந்தைய மெயிலில் 31 என்றது ட்ரையலையும் சேர்த்து" என்று ஒரு வரி போடுங்கள்.

லிங்க் கட்சி: அதை ஞாபகப்படுத்தவே வேண்டாம் என்பேன். அவர்கள் திறந்தே இருக்க மாட்டார்கள்.