கதை நடுவில் குடும்ப வரலாறு மொத்தமும் வந்து நிற்கிறது, எப்படித் திருத்துவது?

பினாங்கு மீரா: வணக்கம். 1999 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் நடக்கும் ஒரு சிறுகதை எழுதுகிறேன். படித்துப் பார்த்த இருவருமே கீழே உள்ள பத்தியைத் தாண்டிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எனக்கோ எல்லாத் தகவலும் தேவை என்றுதான் படுகிறது. எதை வெட்டுவது?

"முத்தையா கடையைத் திறந்தார். அவருடைய தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கி, பிறகு மார்க்கெட் ஸ்திரீட்டில் இந்த மளிகைக் கடையை வைத்தார். 1948-க்கு முன் கட்டிய கட்டடம் என்பதால் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காப்பாற்றியது, வாடகை ஏறவில்லை. அந்தச் சட்டத்தை நீக்க 1997-இல் முடிவானது. 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு கிடையாது. முத்தையாவின் மனைவி இறந்து ஆறு வருடம். மகன் கே.எல்.லில் வேலை செய்கிறான். அப்போது கட்டடச் சொந்தக்காரரான தவுக்கே வாசலில் வந்து நின்றார்."

செந்தூல் குமார்: சுலபம்தான். எல்லாவற்றையும் பேச்சாக மாற்றிவிடுங்கள். கதை சொல்பவர் பேசினால்தான் சலிப்பு. பக்கத்துக் கடைக்காரரை நிறுத்தி, அவரோடு முத்தையா பேசட்டும்.

கிள்ளான் வாசுகி: என் தோட்டத்துக் கதையில் பாட்டி பக்கம் பக்கமாகப் பழசைச் சொல்கிறார், யாரும் குறை சொல்லவில்லை. பத்தியை இரண்டாகப் பிரித்தால் கண்ணுக்குப் பாரம் குறையும், மீரா.

பட்டர்வொர்த் ஆசிரியர்: குமார் சொல்வது பாதி சரி. பேச்சாக மாற்றினால் என்ன ஆகும் பாருங்கள்: "அண்ணே, உங்களுக்குத்தான் தெரியுமே, 1948-க்கு முன் கட்டிய கடைக்கெல்லாம் வாடகைக் கட்டுப்பாடு..." தெரிந்தவரிடம் தெரிந்ததை யார் சொல்வார்? தகவல் அப்படியேதான் இருக்கிறது, மேற்கோள் குறி மட்டும் கூடியிருக்கிறது.

வாசுகி, உங்கள் பாட்டிக்கு ஒரு குரல் இருக்கிறது. அவர் சொல்லும் விதமே கதை. மீராவின் பத்தியில் அப்படி யாரும் பேசவில்லை. அதை இரண்டாகப் பிரித்தாலும் கடிகாரம் நின்றுதான் இருக்கும்.

மீரா, ஒரு வண்ணப் பேனா எடுத்து, அன்று காலைக்கு முன்பே நடந்துவிட்டதையெல்லாம் கோடிடுங்கள். முதல் வரியும் கடைசி வரியும்தான் மிஞ்சும். கடை திறந்ததும் தவுக்கே வருகிறார், கதை அவ்வளவுதான் நகர்ந்திருக்கிறது. அப்புறம் கோடிட்ட ஒவ்வொரு வரியையும் கேளுங்கள்: இது இல்லாவிட்டால் அடுத்து நடப்பது புரியாதா? ஜனவரியில் வாடகை மாறும் என்பது மட்டும் இப்போதே தேவை. தாத்தாவின் கதை, முத்தையா கடையை விடமாட்டேன் என்று மறுக்கும் இடத்தில் வரட்டும். அங்கே அது அவருடைய வாதமாக இருக்கும். மகன் தொலைபேசியில் பேசும்போது வந்தால் போதும். மனைவியின் இறப்பு எந்தக் காட்சிக்கும் உதவவில்லை என்றால் எடுத்துவிடலாம்.

செந்தூல் குமார்: அப்போது சட்டத்தை எங்கே சொல்வது? இளைய வாசகர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இருந்ததே தெரியாது.

பட்டர்வொர்த் ஆசிரியர்: நேராகச் சொல்லிவிடலாம், ஒரு வரியில். விவரிப்பே கூடாது என்று இல்லை. வாசகர் கேட்கத் தொடங்கிய பிறகு பதில் வர வேண்டும், அவ்வளவுதான். முதலில், புது வாடகையைச் சொல்லித் தவுக்கே கொடுக்கும் கடிதத்தைக் காட்டுங்கள்.

பினாங்கு மீரா: மாற்றிப் பார்த்தேன், சார்.

"கடைசிப் பலகையைக் கழற்றியபோது தவுக்கே வாசலில் நின்றார். வாடகை வாங்க ஐந்தாம் தேதிதான் வருவார். இன்று இருபத்தெட்டு. உறையை நீட்டினார்.

'ஜனவரியிலிருந்து இதுதான்.'

முத்தையா தொகையைப் பார்த்துவிட்டு, தேதியைப் பார்த்தார். பழைய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு இந்த வருடத்தோடு முடிகிறது. அவருக்கும் தெரியும், தவுக்கேவுக்கும் தெரியும்.

'எங்க தாத்தா உங்கப்பாகிட்ட வாங்கின சாவி இது,' என்றார் முத்தையா."

பட்டர்வொர்த் ஆசிரியர்: நன்றாக வந்திருக்கிறது. தேதி மாறி வந்ததிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடுகிறது. ரஜூலாவையும் துறைமுகத்தையும் சாவி ஒரே வரியில் சுமக்கிறது. கப்பல் பெயர் வேண்டுமென்றால் பின்னால் வைத்துக்கொள்ளலாம். அளவுக்கு மேல் வெட்டிவிட்டோமா என்று பார்க்க, பினாங்கைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். "முத்தையா ஏன் முடியாது என்று சொல்லிவிடவில்லை?" என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் கட்டுப்பாட்டைப் பற்றி இன்னும் அரை வரி தேவை.

கிள்ளான் வாசுகி: மனைவியை எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. தனியாள் என்பது தெரிந்தால்தானே பயம் புரியும்?

பினாங்கு மீரா: எனக்கும் அதுதான் உறுத்துகிறது, அக்கா. மகனோடு பேசும் இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். அங்கேயும் ஒட்டவில்லை என்றால் மறுபடி கேட்கிறேன்.