வராத சோபாவும் டெபிட் கார்டும்: உங்கள் அனுபவம் என்ன?

தஞ்சை_குமார்: ஆன்லைனில் ₹38,000க்கு சோபா ஆர்டர் போட்டேன். டெபிட் கார்டு, ஓடிபியும் நானே போட்டது. டெலிவரி தேதி தாண்டியும் பொருள் வரவில்லை, கடைக்காரர் போனும் எடுக்கவில்லை. பேங்கில் முதலில், "ஓடிபி நீங்கதானே போட்டீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி போனபோது வேறொருவர் டிஸ்ப்யூட் ஃபார்ம் கொடுத்தார். பணம் கடைசியில் வந்தது. ஆனால் நடுவில் வீட்டு லோன் இஎம்ஐக்குக் கணக்கில் காசு இல்லாமல் தம்பியிடம் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று. கிரெடிட் கார்டு என்றால் எப்படி இருந்திருக்கும்?

ரேவதி_கோவை: கிரெடிட் கார்டுக்கு 3 நாளில் புகார் சொன்னா நம்ம பொறுப்பு ஜீரோ, ஆர்பிஐ ரூல். டெபிட்டுக்கு அது இல்லை.

முன்னாள்_கார்டு_டெஸ்க்: 3 வேலை நாள் கணக்கு சரிதான், ரேவதி. ஆனால் 2017 ஜூலையில் ஆர்பிஐ கொண்டுவந்த அந்த ரூல் இரண்டு கார்டுக்கும் பொருந்தும். அது நாம் செய்யாத பரிவர்த்தனைக்கு. தவறு நம்முடையதாகவோ பேங்குடையதாகவோ இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், 3 வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும், புகார் தந்த 10 வேலை நாளுக்குள் தற்காலிகமாகக் கணக்கில் ஏற வேண்டும். ஓடிபியை நாமே யாரிடமாவது சொல்லியிருந்தால், புகார் தரும்வரை போனது நம் தலையில்.

குமார் கேஸ் வேறு. பணம் கட்டியது அவர்தான், பொருள்தான் வரவில்லை. இதற்கு சார்ஜ்பேக். நம் பேங்க் கடையின் பேங்கைக் கேட்கும், கடை ஆதாரம் காட்ட வேண்டும். ஆர்டர் மெயில், சொன்ன டெலிவரி தேதி, கடைக்கு நாம் எழுதிய மெயில் மூன்றும் இருந்தால் கேஸ் வலுவாக இருக்கும். இந்த வழியும் இரண்டு கார்டுக்கும் உண்டு. வித்தியாசம், இழுக்கும் நாட்களில் யார் காசு மாட்டிக்கொள்கிறது என்பது. டெபிட்டில் நம்முடையது. கிரெடிட்டில் லிமிட்தான் அடைபடும். அந்தத் தொகையை பில்லில் நிறுத்திவைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், மீதியைக் கட்டிவிடுங்கள். பேங்க் ஒப்புக்கொள்ளாமல் நீங்களாகக் கட்டாமல் விட்டால் வட்டி ஏறும்.

நெல்லை_செல்வி: என் கார்டில் ராத்திரி 2 மணிக்கு வெளிநாட்டுக் கடையில் டாலரில் கழிந்தது, ஓடிபியே வரவில்லை. லிமிட் ஒன்றரை லட்சம், நல்லவேளை முதல் மெசேஜிலேயே பிளாக் பண்ணிட்டேன். இப்போ ஆப்பில் இன்டர்நேஷனலை ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்.

முன்னாள்_கார்டு_டெஸ்க்: நல்லது. டெபிட்டிலும் அதே பட்டன் இருக்கும், செல்வி. அன்றாட ஆன்லைன் லிமிட்டை ₹5,000 என்று வைத்துவிட்டால், கணக்கில் 4 லட்சம் இருந்தாலும் ஆன்லைனில் ஒரு நாளில் அதற்கு மேல் போகாது. பெரிதாக வாங்கும் அன்று ஏற்றி, மறுபடி இறக்கலாம்.

தஞ்சை_குமார்: பில்லை நிறுத்திவைப்பது தெரியாது, நன்றி ஐயா. ஒரு சந்தேகம்: சோபா வந்து, கால் உடைந்திருந்து, கூரியர் கையெழுத்தைக் கடைக்காரர் காட்டினால்?

முன்னாள்_கார்டு_டெஸ்க்: அது இழுபறிதான். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, அன்றே கடைக்கு மெயில் போட்டவர்கள் ஜெயித்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் இருந்தும் தோற்றவர்களும் உண்டு.